38-ஆ, 40-ஆ? சீட் அகலமானவர்கள் குர்த்தி அளவு பார்ப்பது

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட்ல பாலர் பள்ளி ஆசிரியை. தீபாவளிக்குக் குர்த்தி வாங்கணும். லேபிள்ல 38, 40ன்னு போட்டிருக்கிறது மார்பு இன்ச்சுன்னு கடையில சொன்னாங்க. எனக்கு மார்பு 38, சீட் 42. 38 போட்டா மேல சரி, கீழ பிடிக்குது. 40 போட்டா கீழ சரி, மேல தொளதொளன்னு தொங்குது. எதை எடுக்கிறது?

பதில்:

தங்கச்சி, நீங்கள் பார்க்க வேண்டியது சைடு ஓப்பன் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான். உங்கள் சீட்டின் அகலமான இடத்துக்கு மேலேயே ஓப்பன் தொடங்கிவிட்டால் 38 எடுங்கள். அதற்குக் கீழே தொடங்கினால், அல்லது ஓப்பனே இல்லாத நேர்வெட்டு என்றால், 40 எடுத்து மேல்பக்கத்தைப் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பதில் சரியாக வர, லேபிளில் இருக்கும் 38 எந்த 38 என்று முதலில் தெரிய வேண்டும்.

கடைக்காரர் சொன்னது சரிதான், அது மார்பு இன்ச்தான். ஆனால் யாருடைய மார்பு? சில கம்பெனிகள் போடும் 38, போடுகிறவரின் உடம்பு அளவு. 38 இன்ச் மார்பு உள்ளவருக்கு என்று வெட்டிய துணி அது. துணியை அளந்தால் 40 இருக்கும், மூச்சு விடவும் கை தூக்கவும் தேவையான இரண்டு இன்ச் தாராளம் அதில் சேர்ந்திருக்கும். வேறு சில கம்பெனிகள் தைத்து முடித்த துணியின் அளவையே லேபிளில் போட்டுவிடுகின்றன. அங்கே 38 என்றால் துணியே 38தான். 38 மார்பு உள்ள உங்களுக்கு அது தோலோடு ஒட்டும். ஆகவே ஒரு கம்பெனியில் உங்களுக்கு 38 சரியாக இருக்கும், இன்னொன்றில் மார்புக்கு மட்டுமே 40 வேண்டியிருக்கும். எம், எல் என்ற எழுத்துகளை நம்பியும் பயனில்லை. இந்தியாவிலிருந்து வரும் குர்த்திகளில் எம் என்பது பெரும்பாலும் 38, எல் என்பது 40 என்றிருந்தாலும், அந்த 38 உடம்பா துணியா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். குர்த்தியைச் சுருக்கம் இல்லாமல் மேசையில் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை டேப் வையுங்கள். வந்ததை இரண்டால் பெருக்குங்கள். 38 லேபிளில் 20 இன்ச் வந்தால் துணி 40, அதாவது லேபிள் சொல்வது உடம்பு அளவு. 19 வந்தால் துணியே 38. இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள், அரை இன்ச் சுலபமாகக் கூடிவிடும். உங்கள் டேப்பில் சென்டிமீட்டர் மட்டும்தான் என்றால் 20 இன்ச் என்பது ஏறக்குறைய 51 சென்டிமீட்டர், 19 என்பது 48-ஐ ஒட்டி.

பாசார் மாலாம் கடைகளில் போட்டுப் பார்க்க இடம் இருக்காது. அங்கே இந்த டேப் வேலை ஒன்றுதான் கைகொடுக்கும். ஆன்லைனில் வாங்கினால் விற்பவரிடம் PTP, அதாவது அக்குளிலிருந்து அக்குள் வரை, எவ்வளவு என்று கேளுங்கள். நம் நாட்டில் துணி விற்பவர்களுக்கு அந்தச் சுருக்கம் பழக்கம். அவர் 20 என்றால் அது விரித்துப் போட்ட பாதி அளவு, சுற்றளவு 40. சிலர் இரண்டால் பெருக்கியே சொல்வார்கள். 40 என்று பதில் வந்தால் ‘சுற்றளவா, விரித்த அளவா’ என்று ஒரு வரி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி கீழ்ப்பக்கம். லேபிள் உங்கள் சீட்டைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஆனால் வெட்டுகிறவர் மனதில் ஒரு கணக்கு இருக்கும். மார்பைவிட சீட் இரண்டு இன்ச் கூட என்று வைத்துக்கொண்டு வெட்டுவது பரவலான வழக்கம். 38 மார்பு என்றால் சீட் 40, அதற்குத் தாராளம் சேர்த்துத் துணி 42. அடுத்த அளவுக்குப் போகும்போது மார்பில் இரண்டு, சீட்டில் இரண்டு என்று சேர்ந்தே ஏறும். உங்களுக்கு வித்தியாசம் நான்கு இன்ச். அதனால் மார்புக்கு எந்த அளவு பொருந்துகிறதோ, அதில் சீட்டுக்குரிய தாராளம் முழுவதையும் உங்கள் உடம்பே எடுத்துக்கொள்கிறது. 42 சீட்டும் 42 துணியும் நேருக்கு நேர் நிற்கின்றன. நிற்கும்போது ஏதோ போட முடிகிற மாதிரி இருக்கும். உட்காரும்போது சீட் ஒன்றரை, இரண்டு இன்ச் விரியும், துணி விரியாது. பாலர் பள்ளியில் குட்டி நாற்காலியிலும் தரையிலும் உட்கார்ந்து எழுந்திருப்பவர் நீங்கள். மோட்டாரிலும் போகிறவர் என்றால் ஓப்பன் தொடங்கும் இடத்துத் தையல்தான் முதலில் விடும்.

அதனால்தான் ஓப்பன் எங்கே தொடங்குகிறது என்று கேட்கிறேன். ஓப்பனுக்குக் கீழே துணி முன், பின் என்று இரண்டு தனிப் பலகைகளாகப் பிரிந்துவிடுகிறது. அங்கே சுற்றளவு என்ற பேச்சே இல்லை. துணி உடம்பைச் சுற்றிப் பிடிப்பது ஓப்பன் தொடங்கும் இடம் வரைக்கும்தான்.

வீட்டில் இரண்டு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் குர்த்திக்குள் போடும் லெக்கிங்ஸையோ பேண்டையோ போட்டுக்கொண்டு, கால்களைச் சேர்த்து நின்று, பக்கவாட்டில் கண்ணாடி பார்த்துச் சீட்டின் அகலமான இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். இடுப்பிலிருந்து ஏழெட்டு இன்ச் கீழே அது வரும், டேப் பின்னால் இறங்கிவிடாமல் தரைக்கு மட்டமாக இருக்கட்டும். அது சுற்றளவு. அடுத்தது பலர் எடுக்காமல் விடும் அளவு: கழுத்தை ஒட்டிய தோள் மேட்டிலிருந்து அந்த அகலமான இடம் வரை நேராகக் கீழே எத்தனை இன்ச்? உயரம் குறைந்தவர்களுக்கு 21, 22 வரும். உயரமானவர்களுக்கு 24-ஐத் தொடும். இதை ‘சீட் இறக்கம்’ என்று வைத்துக்கொள்வோம். கடையில் குர்த்தியின் தோள் மேட்டிலிருந்து ஓப்பன் தொடங்கும் இடம் வரை அதே மாதிரி அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதனால் ஒரே 38 குர்த்தி, ஒரே மார்பும் ஒரே சீட்டும் உள்ள இரண்டு பேருக்கு வேறு வேறு விதமாக உட்காரும். ஐந்தடி ஆறு அங்குலம் உள்ளவருக்கு ஓப்பன் சீட்டுக்கு மேலே நின்று வழி விடும். ஐந்தடி உள்ளவருக்கு அதே ஓப்பன் சீட்டைத் தாண்டித் தொடை மேல் போய் நின்று, சீட்டைச் சுற்றிக் கட்டிவிடும். கடையில் வந்து ‘எனக்கு மட்டும் ஏன் பிடிக்கிறது’ என்று வருத்தப்படும் குட்டையான பெண்களில் பலருக்குப் பிரச்சினை அளவில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மார்பு 38, சீட் 42, சீட் இறக்கம் 22 என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். லேபிள் உடம்பு அளவைச் சொல்லும் கம்பெனி, இழுபடாத பருத்தித் துணி, நேர்வெட்டு. 38 லேபிளில் துணியின் மார்பு 40, சீட் 42. 40 லேபிளில் மார்பு 42, சீட் 44.

ஓப்பன் 20-ல் தொடங்கினால், சீட் முழுவதும் அகலமாவதற்கு இரண்டு இன்ச் முன்பே துணி பிரிந்துவிடுகிறது. அந்த 20-ஆவது இன்ச்சில் உங்கள் உடம்பு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். அங்கே 39, 40 இருந்தால் துணி கொஞ்சம் தளர்வாகவே நிற்கும். 38 எடுங்கள், யோசிக்க வேண்டாம். தோளும் கழுத்தும் பொருந்தி, கீழே பலகைகள் லேசாக விலகி நடக்க வசதியாக இருக்கும். வயிறு முன்னால் இருப்பவர்கள் தொப்புளுக்கு மூன்று இன்ச் கீழே ஒரு சுற்று அளந்து கொள்வது நல்லது. அங்கே பிடித்தால் ஓப்பன் எவ்வளவு மேலே இருந்தும் பயனில்லை.

ஓப்பன் 24-ல் தொடங்கினால், உங்கள் 42 சீட் முழுவதும் 42 துணிக்குள் மாட்டிக்கொள்ளும். இங்கே 40 வேண்டும். 44 துணியில் நிற்கும்போது இரண்டு இன்ச் தளர்வு, உட்காரும்போது அது தீர்ந்தும் தீராமலும் சரியாக இருக்கும். மார்பில் நான்கு இன்ச் தளர்வு வந்துவிடும், அதைத்தான் பிடித்துத் தைக்கப் போகிறோம்.

இது சுலபமான வேலை, ஆனால் எங்கே நிறுத்துவது என்று தையல்காரரிடம் நீங்களே சொல்ல வேண்டும். குர்த்தியை உள்பக்கம் திருப்பி, அக்குளுக்குக் கீழே பழைய தையலிலிருந்து அரை இன்ச் உள்ளே புதுத் தையல் தொடங்கட்டும். ஒரு பக்கத் தையலில் முன் துணி அரை, பின் துணி அரை என்று ஒரு இன்ச் போகும். இரண்டு பக்கமும் சேர்த்தால் இரண்டு இன்ச், அதாவது 42 மார்பு 40 ஆகிவிடும். அந்தத் தையல் இடுப்புக்குக் கீழே போகப் போகச் சரிந்து பழைய தையலோடு சேர்ந்துவிட வேண்டும். சீட்டுக்குப் போகும்போது ஒரு நூல்கூட உள்ளே வந்திருக்கக் கூடாது. அப்படிச் சொல்லாவிட்டால் மேலிருந்து கீழே ஒரே கோடாக ஓட்டிவிடுவார்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சீட் தளர்வு போய்விடும். மேலே அதே கோட்டைக் கையின் உள்தையலிலும் மூன்று, நான்கு இன்ச் இழுத்துச் சரிய விட வேண்டும். இல்லையென்றால் அக்குளில் மடிப்பு விழும்.

அதிகமாகும் துணியை உடனே வெட்ட விடாதீர்கள். உள்ளே மடங்கிக் கிடக்கட்டும். அடுத்த வருடம் உடம்பு கொஞ்சம் ஏறினால் பிரித்து விடலாம்.

ஒரு அளவு ஏறினால் தோள் பெரும்பாலும் மொத்தமாக அரை இன்ச் கூடும், ஒரு பக்கத்துக்குக் கால் இன்ச். அது தெரியாது. இரண்டு அளவு ஏறினால் தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டிக் கையின் மேல் விழும், கழுத்து வாய் பிளக்கும், கைக்குழி கீழே இறங்கும். கைக்குழி இறங்கிவிட்டால் கரும்பலகையில் எழுதக் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் குர்த்தி முழுவதும் கூடவே மேலே ஏறும். அதைச் சரிசெய்யக் கையைப் பிரித்து, தோளை வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். கழுத்தில் எம்பிராய்டரி இருந்தால் அதைத் தொடவே முடியாது. அதனால் என் வழி இது: ஒரு அளவு வரை ஏறிப் பிடித்துத் தைக்கலாம். சீட்டுக்காக இரண்டு அளவு ஏற வேண்டி வந்தால் அந்த நேர்வெட்டை விட்டுவிட்டு ஏ-லைன் பக்கம் போங்கள். ஏ-லைனில் மார்புக்குக் கீழிருந்தே துணி விரிந்துகொண்டு போவதால், 38-லேயே சீட் இடத்தில் 45, 46 வரும். அங்கே மார்பை மட்டும் பார்த்து எடுத்தால் போதும். ஏ-லைன் என்று எழுதிவிட்டு லேசாக மட்டும் சரித்து வெட்டியவையும் உண்டு. உங்கள் 22-ஆவது இன்ச்சில் விரித்து அளந்து, 22-க்கு மேல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

24-ல் ஓப்பன் இருக்கும் 38 ஒன்று உங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது, 40 தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் ஒரு வழி இருக்கிறது: ஓப்பனை மேலே ஏற்றுவது. பக்கத் தையலை நாலு இன்ச் பிரித்து, 24-ல் இருந்த தொடக்கத்தை 20-க்குக் கொண்டுபோய், உள்ளே இருக்கும் துணியை மடித்து ஓரம் அடித்து, புதுத் தொடக்கத்தில் குறுக்கே நாலைந்து முறை நெருக்கமாகத் தையல் போட்டு இறுக்கிவிட வேண்டும். அந்தக் குறுக்குத் தையல் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பிரிந்து போகும். தோள், மார்பு எதையும் தொடாமல் சீட் பிரச்சினை தீர்ந்துவிடுவதால், 40-ஐப் பிடித்துத் தைப்பதைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி. நடக்கும்போது இடுப்பு தெரிந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் எல்லை, அதனால் உங்கள் இடுப்பிலிருந்து ஐந்து இன்ச்சாவது கீழே நிறுத்துங்கள்.

இது முடியுமா என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும். குர்த்தியை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஒரு இன்ச்சாவது துணி விட்டிருந்தால் தாராளமாகச் செய்யலாம். விலை குறைந்தவற்றில் துணியை மிச்சப்படுத்த ஓவர்லாக் மெஷினில் கால் இன்ச் மட்டும் விட்டு வெட்டி முடித்திருப்பார்கள். அங்கே மடிக்கத் துணியே இருக்காது. ஓப்பன் நெடுக லேஸ் அல்லது பார்டர் வைத்திருந்தால் அதன் தொடர்ச்சிக்கு வேறு துண்டு தேட வேண்டியிருக்கும்.

உள்ளே ஒரு இன்ச் விட்டிருந்தால் ‘பிரித்து விட்டுச் சீட்டை அகலமாக்கலாமே’ என்று கேட்பீர்கள். மார்பிலும் இடுப்பிலும் அது நடக்கும். சீட்டில் அவ்வளவாக நடக்காது. ஓப்பன் தொடங்கும் இடத்தில் அதே துணிதான் ஓரமாக மடிந்து தைக்கப்பட்டிருக்கும். மேலே பிரித்து விட்டால் கீழே மடிப்பு பழைய இடத்திலேயே நின்று, சந்திக்கும் இடத்தில் ஒரு படி விழும். அதைத் தவிர்க்க ஓப்பன் நெடுக மடிப்பைப் பிரித்துத் திரும்ப அடிக்க வேண்டும். பலமுறை துவைத்த துணி என்றால் பழைய தையல் கோடு நிறம் மங்காமல் தனியாகத் தெரியும்.

போட்டுப் பார்க்க இடம் இருக்கும் கடையில் நின்றுகொண்டு மட்டும் பார்க்காதீர்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள், பிறகு கண்ணாடியைப் பாருங்கள். எழுந்த பிறகு குர்த்தி தானாகக் கீழே இறங்காமல், இடுப்பின் பின்பக்கப் பள்ளத்தில் சுருண்டு நின்றால் சீட் போதவில்லை. பல பேர் அதை இடுப்பு பெரிதாக இருக்கிறது என்று நினைத்துப் பிடித்துத் தைக்கச் சொல்வார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். துணி இறங்க வழி இல்லாமல்தான் மேலே சேர்ந்திருக்கிறது. ஓப்பன் நேராகத் தொங்காமல் கூடாரத்தின் வாசல் மாதிரி விரிந்து நின்றாலும், சீட்டின் குறுக்கே படுக்கை வசத்தில் கோடுகள் ஓடினாலும் அதே காரணம்தான். அக்குள் ஓரத்தில் செங்குத்தாக மடிப்பு விழுவது மேலே அதிகம் என்பதற்கு அடையாளம். அது பிடித்துத் தைத்தால் போய்விடும்.

துணியைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ரேயான் வழவழவென்று இறங்கும், அதில் ஒரு இன்ச் தளர்வு இருந்தாலே சமாளிக்கலாம். கனமான பருத்திக்கு இரண்டு இன்ச் வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்த்த முதுகோடு துணி ஒட்டிக்கொண்டால் தளர்வில்லாத குர்த்தி இன்னும் சீக்கிரம் மேலே ஏறும். தீபாவளிக்கு வாங்கும் ஜார்ஜெட் மாதிரித் துணிகளில் உள்ளே லைனிங் இருக்கும். வெளித்துணி விரிந்து ஆடினாலும் லைனிங்கை ஒல்லியாக நேராக வெட்டியிருப்பார்கள். அதில் சீட்டை அளக்கும்போது லைனிங்கையே அளங்கள், பிடிக்கப் போவது அதுதான்.

பருத்தி என்றால் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு முறை தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காய வைத்துவிடுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும் 44 இன்ச் சீட்டில் ஒண்ணேகால் இன்ச் போய்விடும், நீங்கள் தேடிப் பிடித்த தளர்வில் பாதிக்கு மேல் அது. நீளம் சுருங்கினால் ஓப்பனும் கொஞ்சம் மேலே ஏறும். அதனால் துவைத்த பிறகு இரண்டையும் மறுபடி அளந்துவிட்டு, பிறகு பிடிக்க வேண்டுமா, ஓப்பனை ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே வாங்கி அலமாரியில் கிடக்கும் இறுக்கமான 38 ஏதும் இருந்தால், பாஜு குரோங் தைக்கும் அக்கா யாரிடமாவது கொண்டுபோங்கள். பாஜு குரோங்கில் பக்கவாட்டில் பெசாக் என்று ஒரு தனித் துண்டு வைத்துக் கீழே விரித்துத் தைப்பார்கள். அவர்களுக்கு அது கை வந்த வேலை. இடுப்புக்குக் கீழே பக்கத் தையலைப் பிரித்து, மேலே கூராகவும் கீழே இரண்டு இன்ச் அகலமாகவும் ஒரு முக்கோணத் துண்டை இரண்டு பக்கமும் வைத்தால், சீட் இருக்கும் இடத்தில் மொத்தம் இரண்டு, மூன்று இன்ச் கிடைக்கும். துண்டு ஓப்பன் தொடங்கும் இடத்தோடு முடிந்துவிட்டால் போதும். அதே நிறத்துத் துணி கிடைக்காவிட்டால் துப்பட்டாவின் ஓரத்திலிருந்து எடுங்கள், அல்லது வேண்டுமென்றே வேறு நிறத்தில் வையுங்கள்; பக்கவாட்டில் இருப்பதால் வைத்துத் தைத்த வேலைப்பாடு மாதிரியே தெரியும்.